ஒரு கண், மூன்று படங்கள்: குளோசப் படத்தை வைத்து ஐலேஷ் எக்ஸ்டென்ஷனை மதிப்பிட்டதில் எங்கே தவறினேன்

பின்னணி

இமைமுடிக்கு எக்ஸ்டென்ஷன் ஒட்டும் வேலையைச் செய்துகொண்டே, புதிதாகக் கற்பவர்களின் வேலையையும் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்கள் ஒட்டி முடித்ததும் கண்ணை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். நான் பார்த்துக் கருத்து சொல்வேன். பெரும்பாலும் இந்த முறையே போதுமானதாக இருந்தது. போதாமல் போன ஒரு நிகழ்வை இங்கே எழுதுகிறேன். இதில் வரும் இருவரிடமும் சம்மதம் வாங்கிவிட்டேன்.

ஒட்டியவர் பயிற்சியில் இரண்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண். கை சுத்தமானவர், பொறுமைசாலி. ஒட்டிக்கொண்டவர் முப்பதைத் தாண்டியவர், பல வருடங்களாகத் தினமும் மஸ்காரா போடும் பழக்கம் உள்ளவர். தினம் போட்டு, தினம் கழுவி, அதில் சலித்துப்போய்த்தான் எக்ஸ்டென்ஷனுக்கு வந்திருந்தார். வரும்போதே கைப்பேசியில் வேறு ஒரு பெண்ணின் கண் படத்தைக் கொண்டுவந்து, "எனக்கும் இப்படியே வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். வெளி ஓரத்தை நோக்கிப் போகப் போக முடி நீண்டு, பூனைக்கண் போல இழுத்துக் காட்டும் அமைப்பு அது.

அந்தப் படத்தில் இருந்த கண்ணின் வெளிமூலை உள்மூலையைவிட மேலே இருந்தது. இவருடைய வெளிமூலை உள்மூலையைவிடச் சற்றுத் தாழ்ந்தது. அதோடு மேலிமையின் தோல் வெளிப்பக்கம் மடிந்து, இமைமுடியின் வேர் வரிசையில் கடைசி மூன்றில் ஒரு பங்கை மூடியிருந்தது. இந்த இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்து வருவது சாதாரணம்தான். ஆனால் பூனைக்கண் அமைப்புக்கு இதைவிடப் பொருந்தாத கண் கிடையாது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஒட்டுவதற்கு முன் கண் எப்படி இருந்தது என்ற படத்தை நான் கேட்கவே இல்லை.

பயிற்சிப் பெண் ஒட்டியது க்ளாசிக் செட். ஒரு இயற்கை முடிக்கு ஒரு செயற்கை இழை. இழையின் பருமன் 0.15 மி.மீ., வளைவு சி கர்ல். நீளம் உள்மூலையில் 9 மி.மீ. தொடங்கி 10, 11, 12 என்று ஏறி, வெளிமூலையில் 13 மி.மீ. வரை போனது.

முதல் படம்: கண் மூடியிருந்தபோது

ஒட்டி முடித்த கையோடு எடுத்த படம். படுத்திருக்கும் நிலையில், கண் மூடி, தலைப்பக்கத்தில் இருந்து, ரிங் லைட் வெளிச்சத்தில் எடுத்தது. விசிறியை விரித்து வைத்ததுபோல் இழைகள் ஒன்றுக்கொன்று சீரான இடைவெளியில் நின்றன. நுனிகள் ஒரே கோட்டில் ஏறின. பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. "வரிசை நன்றாக இருக்கிறது. வெளிமூலையில் ஒரு மில்லிமீட்டர் குறைத்திருக்கலாம், மற்றபடி சரி" என்று பதில் போட்டேன்.

இந்தப் பதிலில் இருந்த பிழையை இப்போது பிரித்துச் சொல்ல முடியும். மூடிய கண்ணில் கண்ணின் வடிவமே தெரியாது. மூலை தாழ்ந்ததா, தோல் மடிந்ததா, இமை திறந்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதெல்லாம் கண் திறந்தால்தான் தெரியும். மூடிய கண் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பிறைதான்.

இன்னொன்று, ஒட்டியதும் ஸ்பூலி என்னும் சின்னத் தூரிகையால் சீவிவிட்டுத்தான் படம் எடுப்பார்கள். சீவிய உடனே நுனிகள் தனித்தனியாக நிற்கும், அடியில் இரண்டு முடி பசையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கூட. தலைப்பக்கத்தில் இருந்து எடுத்த படத்தில் கண்ணுக்குப் படுவது நுனிதான். அடிப்பகுதி இழைகளின் நிழலில் இருட்டாகிவிடும். நான் நுனியின் அழகைப் பார்த்து அடியின் தரத்தைத் தீர்மானித்திருக்கிறேன்.

நான்காம் நாள்: கண் திறந்த படம்

நான்காம் நாள் அந்த அம்மா பயிற்சிப் பெண்ணுக்கு ஒரு படம் அனுப்பி, மூன்று குறைகளைச் சொன்னார். கண் தூங்கி வழிவதுபோல் தெரிகிறது. முடி திட்டுத்திட்டாக, மஸ்காரா கட்டிப்போனதுபோல் இருக்கிறது. முகம் கழுவும்போதும் ஒருக்களித்துப் படுக்கும்போதும் வெளி ஓரத்தில் சுருக்கென்று இழுக்கிறது. பயிற்சிப் பெண் பதறிப்போய் எனக்கு அனுப்பினார். "அக்கா, அன்னைக்கு இப்படி இல்லவே இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்றைய படத்தில் அப்படித் தெரியவில்லை.

படம் முன்பக்கக் கேமராவில் கையை மடக்கி மிக நெருக்கத்தில் எடுத்து, ஒரு கண்ணை மட்டும் வெட்டி அனுப்பியது. அழகூட்டும் ஃபில்டரும் ஓடியிருந்தது. கன்னத்துத் தோலில் ஒரு துளைகூடத் தெரியாததை வைத்து அதைக் கண்டுபிடித்தேன். ஃபில்டர் தோலை மட்டும் மழுப்புவதில்லை. மெல்லிய முடிகளையும் பக்கத்து முடியோடு சேர்த்து ஒரே கறுப்புக் கோடாக்கிவிடும். தனித்தனியாக நிற்கும் இமைமுடிகூட அதில் கட்டிப்போனதுபோல் தெரியும். ஆகவே திட்டுத்திட்டாகத் தெரிவதை அந்தப் படத்தை வைத்து நான் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

ஆனால் அந்தப் படத்திலும் ஒரு நல்ல தடயம் இருந்தது. மேலிமையின் மடிப்பில், நடுப்பகுதிக்கு நேர் மேலே, சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். எக்ஸ்டென்ஷன் மட்டும் ஒட்டிய கண்ணில் தோலில் கறுப்புப் படியாது. "மேலே மஸ்காரா போட்டீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். போட்டிருந்தார். மூன்றாம் நாள் வெளி ஓரத்தில் இடைவெளி தெரிந்ததாம். பழக்கம் விடவில்லை, இரண்டு கோட்டிங் போட்டிருக்கிறார்.

அந்தப் புள்ளிகள் இன்னொன்றும் சொல்லின. நடுப்பகுதி நுனிகள் மேலே எழும்பி மடிப்பைத் தொடுகின்றன. வெளி ஓரத்தில் புள்ளியே இல்லை. அங்கேதான் முடி இன்னும் நீளம். நீளமான முடி தோலைத் தொடவில்லை என்றால், அது மேலே எழும்பவே இல்லை என்று பொருள். மடிந்த தோல் அதை மேலிருந்து அழுத்திக் கீழே சாய்த்திருக்கிறது. தூங்கி வழியும் தோற்றத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

மஸ்காரா கட்டியா, பசைக் கட்டியா

இப்போது கேள்வி இதுதான். திட்டுத்திட்டாகத் தெரிவது மஸ்காராவால் வந்தது என்றால் கழுவினால் போய்விடும். பசையால் வந்தது என்றால் ஒவ்வொரு நாளும் இயற்கை முடிக்குக் கேடு.

இந்த இரண்டையும் படத்தில் பிரித்துப் பார்க்க முடியும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால். மஸ்காரா தூரிகை வேரில் தொடங்கி நுனிக்கு இழுத்துக்கொண்டு போவதால், கட்டி பெரும்பாலும் நடுவிலிருந்து நுனி வரை சேரும். முடி மேலே போகப் போகத் தடிக்கும், நுனியில் இரண்டு மூன்று முடிகள் கூம்பி ஒன்றாகும், இடையிடையே சின்ன மணிகள்போல் உருண்டு நிற்கும். பொதுவாக மேற்பரப்பு மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அடியில் முடிகள் தனித்தனியாகவே வெளியே வந்திருக்கும்.

பசைக் கட்டி இதற்குத் தலைகீழ். தோலிலிருந்து முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான் இணைப்பு இருக்கும். அங்கே ஒரே தண்டாக எழும்பி, மேலே போய் வி எழுத்தைப்போல் கவையாகப் பிரியும். வெளிச்சம் பட்டால் இணைந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பளபளப்பு தெரியும், சில சமயம் வெள்ளைப் பூத்திருக்கும். எங்கள் வேலையில் இதை ஸ்டிக்கி என்போம்.

ஸ்டிக்கி ஏன் இழுக்கிறது என்பதற்குக் காரணம் இமைமுடியின் வளர்ச்சி. பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒரே வயதுடையவை அல்ல. ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பது வளர்ச்சி முடிந்து உதிரக் காத்திருக்கும். இரண்டையும் அடியில் ஒட்டிவிட்டால், வளரும் முடி நிற்கும் முடியைத் தள்ளும், நிற்கும் முடி அதைப் பிடித்து இழுக்கும். உதிர வேண்டியது உதிரும்போது, உதிரக் கூடாததையும் வேரோடு கூட்டிக்கொண்டு போகும். இது திரும்பத் திரும்ப நடந்தால் அந்த இடத்தில் முடி மெலிந்துகொண்டே போகும்.

ஃபில்டர் போட்ட படத்தில் அடியும் தெரியவில்லை, பளபளப்பும் தெரியவில்லை. எனவே புதிய படங்கள் கேட்டேன்.

அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். கண் சிவந்திருக்கிறதா? இமை வீங்கியிருக்கிறதா? அரிப்போ, நீர் வடிதலோ உண்டா? எதற்காவது ஆமாம் என்று பதில் வந்திருந்தால் படம் கேட்டிருக்கவே மாட்டேன், நேராகக் கண் மருத்துவரிடம் போகச் சொல்லியிருப்பேன். எக்ஸ்டென்ஷன் பசை சயனோஅக்ரிலேட் வகை. அதற்கு ஒவ்வாமை வந்தால் வீக்கமும் அரிப்பும் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், தொடாமலே தொந்தரவு இருக்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. முடியைத் தொட்டால் மட்டும், வெளி ஓரத்தில் மட்டும், இடது கண்ணில் கூடுதலாக வலி. இந்தப் பதில் எனக்கு எந்தப் படத்தையும்விட அதிகம் சொன்னது.

கேட்டு வாங்கிய மூன்று கோணங்கள்

முதலில் மஸ்காராவை எண்ணெய் இல்லாத க்ளென்சரால், தேய்க்காமல், மேலிருந்து கீழாக வருடிக் கழுவச் சொன்னேன். எண்ணெய் கலந்த ரிமூவர் பட்டால் பசை இளகி, எது எந்த நிலையில் இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். காய்ந்த பிறகு, ஸ்பூலியால் சீவாமல், படம் எடுக்கச் சொன்னேன்.

பின்பக்கக் கேமரா, ஃபில்டர் இல்லாமல். முகத்திலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, இரண்டு மடங்கு ஜூம். முகத்தை ஒட்டி வைத்து எடுத்தால் அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் ஆகிவிடும். கேமராவை நோக்கி நீண்டிருக்கும் நடு முடி பூதாகாரமாகத் தெரியும், பக்கவாட்டில் போகும் ஓர முடி சுருங்கிவிடும். வெளிச்சம் ஜன்னல் பக்கத்திலிருந்து, சற்றுச் சாய்வாக. ஃபிளாஷ் நேராக அடித்தால் அடியில் இருக்கும் பளபளப்பும் முடியின் பளபளப்பும் ஒன்றாகிவிடும்.

முதல் கோணம்: கண் மட்டத்தில் கேமரா, நேர்ப் பார்வை, இரண்டு கண்ணும் ஒரே படத்தில். ஒரு கண்ணை மட்டும் எடுத்தால் தலை சாய்ந்திருக்கிறதா, மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பிரிக்க முடியாது. இரண்டு கண்மணிகளையும் இணைக்கும் கோடு கிடைத்தால், அதைக் கிடைக்கோடாக வைத்து மூலையை அளக்கலாம்.

இரண்டாம் கோணம்: கண்ணாடியைக் கீழே வைத்து அதைப் பார்க்கிறாற்போல் பார்வையைத் தாழ்த்தி, புருவத்துக்குக் கீழே தோலை ஒரு விரலால் மெல்ல மேலே தூக்கி, நேர் முன்னாலிருந்து எடுப்பது. மடிப்பு விலகி வேர் வரிசை முழுவதும் தெரியும். ஸ்டிக்கியைத் தேட இதுதான் படம்.

மூன்றாம் கோணம்: முழுப் பக்கவாட்டு. வளைவும் நீளமும் உண்மையாகத் தெரிவது இதில் மட்டும்தான். நேர்ப் படத்தில் முடி நம்மை நோக்கி வருவதால் 13 மி.மீ. இழைகூட ஐந்தாறு மில்லிமீட்டர்போல் குறுகித் தெரியும்.

படங்கள் சொன்னவை

நேர்ப் படத்தை அளக்கக் கருவிழியை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். பெரியவர்களுக்குக் கருவிழியின் அகலம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. சராசரி 11.7 மி.மீ., அரை மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். திரையில் இவரது கருவிழியை 39 மி.மீ. அகலத்துக்குப் பெரிதாக்கினேன். அப்படியானால் திரையில் 3.3 மி.மீ. என்பது கண்ணில் 1 மி.மீ. வெளி ஓரத்து நுனிகள், கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாக வெளிமூலை வழியே நான் வரைந்த கோட்டைத் தாண்டித் திரையில் 7 மி.மீ. கீழே தொங்கின. அதாவது நிஜத்தில் சுமார் 2 மி.மீ. இயல்பாகவே தாழ்ந்த மூலையை இழைகள் இன்னும் 2 மி.மீ. கீழே நீட்டிக் காட்டியிருக்கின்றன. தூங்கி வழிகிறது என்று அவர் சொன்னது வெறும் எண்ணம் இல்லை, அளக்கக்கூடிய விஷயம்.

பக்கவாட்டுப் படத்தில் கருவிழியை அளவுகோலாக்க முடியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் அது குறுகிவிடும். அங்கே இழையையே அளவுகோலாக்கினேன். வெளிமூலை இழை 13 மி.மீ. என்று பயிற்சிப் பெண்ணின் குறிப்பில் இருக்கிறது. இயற்கை முடி அந்த இழையோடு ஒட்டிப் போய் ஓரிடத்தில் முடியும். அங்கே பருமன் ஒரு படி குறையும். நல்ல ஃபோகஸில் அந்தப் படி தெரியும். இவருக்கு அது இழையின் பாதியிலேயே வந்துவிட்டது. இழை தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டுத் தொடங்குவதையும் சேர்த்தால், அங்கே இயற்கை முடி சுமார் 7 மி.மீ. இயற்கை முடியைவிட 2 அல்லது 3 மி.மீ. மட்டும் நீளமாக ஒட்டுவது நாங்கள் வைத்துக்கொள்ளும் வரம்பு. இங்கே 6 மி.மீ. கூடுதல். "ஒரு மில்லிமீட்டர் குறைத்திருக்கலாம்" என்று நான் முதல் நாள் எழுதியது எவ்வளவு தள்ளிப் போன கணிப்பு என்பது அப்போதுதான் புரிந்தது.

கீழ்ப்பார்வைப் படத்தில் இடது கண்ணின் வெளி ஓரத்தில் நான்கு இடங்களில் ஒரே தண்டாக எழும்பிக் கவையாகப் பிரிவது தெளிவாகத் தெரிந்தது. வலது கண்ணில் இரண்டு. மஸ்காரா கழுவிய பிறகும் அவை அப்படியே இருந்தன. நடுப்பகுதி சுத்தமாகிவிட்டது. ஆக, அவர் கண்ட திட்டுகளில் பாதி மஸ்காரா, பாதி பசை.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. ஓரத்து இழைகளின் நுனியைக் கத்தரித்துவிடலாம் என்று பயிற்சிப் பெண் கேட்டார். தோற்றம் கொஞ்சம் சரியாகும். ஆனால் கூர்ந்து முடிய வேண்டிய இழை மொட்டையாகும், ஸ்டிக்கி அப்படியே இருக்கும். வேண்டாம் என்றேன்.

தானாக உதிர விடலாம் என்பது அந்த அம்மாவின் விருப்பம். தனித்தனியாக ஒட்டிய இழைகளாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இயற்கை முடி உதிரும்போது இழையும் சேர்ந்து போய்விடும். ஒட்டிக்கொண்ட முடிகளுக்கு அது பொருந்தாது. ஒன்று உதிரப்போகிற ஒவ்வொரு நாளும் இன்னொன்றுக்கு ஆபத்து.

ஆகவே மறுநாளே நேரில் வரச் சொல்லி, இரண்டு கண்ணிலும் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீக்குவது என்று முடிவு செய்தேன். முழுவதையும் நீக்காததற்குக் காரணம், நடுப்பகுதியில் நீளமும் ஒட்டும் முறையும் ஏற்கக்கூடிய அளவில் இருந்தன. மஸ்காரா பூசி மறைக்கக் கூடாது, வீட்டில் எண்ணெய் தடவி இழுத்துப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினேன்.

நேரில் பார்த்தபோது

படத்தில் இடது ஓரத்தில் நான்கு என்று எண்ணியிருந்தேன். பெருக்கிக் கண்ணாடியும் இரண்டு ட்வீசரும் வைத்துப் பிரித்துப் பார்த்தால் ஏழு. வலதில் இரண்டு என்று நினைத்தது நான்கு. இடதில் ஓரிடத்தில் மூன்று இயற்கை முடிகள் ஒரே பசைத் துளியில் இருந்தன, அவற்றில் ஒன்று இப்போதுதான் முளைத்து வரும் குட்டி முடி. குட்டி முடி மெல்லியது, வெளிர் நிறம். படத்தில் அது தெரிவதில்லை. அதைவிட, உள்மூலையில் படத்தில் நான் சந்தேகமே படாத ஓர் இடத்திலும் ஒரு ஸ்டிக்கி இருந்தது. மூக்கின் நிழல் விழுந்த இடம்.

கிரீம் ரிமூவரைத்தான் பயன்படுத்தினேன். திரவமாக இருந்தால் கண்ணுக்குள் வழியும். கீழ் முடிக்கு ஐபேட்ச் வைத்து, ஒட்டிய இடத்தில் மட்டும் தடவி, சில நிமிடம் விட்டு, மைக்ரோ பிரஷ்ஷால் நுனிப்பக்கமாக நகர்த்தினேன். இழுக்கவில்லை. தானாக நழுவாத இடத்தில் மறுபடி தடவிக் காத்திருந்தேன். இரண்டு கண்ணுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. ஏற்கெனவே தளர்ந்திருந்த இரண்டு இயற்கை முடிகள் இழையோடு வந்துவிட்டன.

ஏன் ஓரத்தில் மட்டும் இப்படி ஆனது என்று பயிற்சிப் பெண்ணோடு உட்கார்ந்து பேசினேன். மடிந்த தோலை டேப் வைத்து மேலே தூக்காமல் ஒட்டியிருக்கிறார். வேர் வரிசை தெரியாததால் ட்வீசரால் ஒரு முடியைத் தனிமைப்படுத்தியதாக நினைத்த இடத்தில் இரண்டு நின்றிருக்கின்றன. ஓரத்தைக் கடைசியாக ஒட்டியதால், முதலில் ஊற்றிய பசைத் துளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்திருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை புதுத் துளி எடுக்க வேண்டும். பழைய துளி கெட்டியாகி நூல் இழுக்கும், இழை நுனியில் உருண்டையாக ஏறும். அவர் தவற்றை மறைக்கவில்லை. "அவசரப்பட்டுட்டேன் அக்கா, அவங்க எழுந்திருக்கணும்னு சொன்னாங்க" என்றார். கண்ணின் வெளி ஓரம் கையும் பொறுமையும் சோர்ந்த பிறகு வருகிற இடம். இப்போது நான் பயிற்சியில் ஓரத்தைக் கடைசிக்கு விடாமல், இரண்டு கண்ணிலும் மாறி மாறி எல்லாப் பகுதியையும் தொட்டு வரச் சொல்கிறேன்.

மறுபடி ஒட்டியது

ஓரத்தைப் பத்து நாள் வெறுமையாக விட்டோம். அந்த நாட்களில் அவர் ஓரத்து முடிக்கு மட்டும் மஸ்காரா போடலாமா என்று கேட்டார். கழுவும்போது எண்ணெய் தேவைப்படாத, வெந்நீரில் கழன்று வருகிற டியூபிங் வகையை, ஒரே கோட்டிங், இழை இல்லாத இடத்தில் மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். மடிந்த இமைக்கு அந்த வகை இன்னொரு விதத்திலும் நல்லது, தோலில் அவ்வளவாகக் கறுப்புப் படியாது.

பத்தாம் நாள் நான் பக்கத்தில் இருக்க, அதே பயிற்சிப் பெண்ணே ஒட்டினார். உச்ச நீளத்தை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவந்து, கருவிழியின் வெளி விளிம்புக்கு நேர் மேலே 11 மி.மீ. வைத்தோம். அங்கிருந்து ஓரத்துக்கு 10, 9 என்று இறக்கினோம். ஓரத்தில் வளைவை மட்டும் சி கர்லைவிடக் கூடுதலாக வளைந்த சிசி கர்ல் ஆக்கினோம், மடிப்புத் தோல் அழுத்தினாலும் நுனி எழும்பி நிற்பதற்காக. பருமனை 0.12 மி.மீ. ஆகக் குறைத்தோம். இது சிறிய மாற்றம்போல் தெரியும், ஆனால் இழையின் எடை பருமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 13 மி.மீ. நீளமும் 0.15 பருமனும் உள்ள இழையோடு ஒப்பிட்டால், 9 மி.மீ. நீளமும் 0.12 பருமனும் உள்ள இழையின் எடை பாதிக்கும் குறைவு.

அந்த அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. கொண்டுவந்த படத்தைத் திரும்பக் காட்டினார். அந்தப் படத்துப் பெண்ணின் கண்ணிலும் இவரது கண்ணிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு வரைந்து காட்டினேன். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. "அப்போ எனக்கு ஓரம் நீளமா வச்சா இறங்கத்தான் செய்யும், இல்லையா?" என்று அவரே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு

மூன்றாம் வாரம் அதே மூன்று கோணங்களில் படம் வந்தது. நேர்ப் படத்தில் ஓரத்து நுனிகள் மூலைக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றன. இழுப்பு வலி இல்லை. கீழ்ப்பார்வைப் படத்தில் கவை எதுவும் தெரியவில்லை. இடது ஓரத்தில் ஐந்து முடி அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. ரிமூவரோடு போனது இரண்டு. மற்றவை அதற்கு முந்தைய நாட்களில் இழுபட்டுப் போனவையாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பக்கத்து முடியில் கனமான இழை ஒட்டி மறைக்க வேண்டாம் என்று, உதிர்ந்த இழைகளுக்குப் பதில் புதிது ஒட்டும் இன்ஃபில் செய்தபோது விட்டுவிட்டோம். எட்டாம் வாரத்துப் படத்தில் அங்கே குட்டி முடிகள் வரிசையாக எழும்பியிருந்தன, மற்றவற்றைவிடக் குட்டையாக, நுனி மெலிந்து.

இனி மாற்றிக்கொள்வது

மூடிய கண் படத்தை வைத்து இனி நான் கருத்து சொல்வதில்லை. இழைகளின் வரிசையைப் பார்க்க அதை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் பதில் சொல்வது மூன்று கோணங்களும் வந்த பிறகுதான். ஒட்டுவதற்கு முன் எடுத்த நேர்ப் படமும் பக்கவாட்டுப் படமும் கட்டாயம். அவை இருந்திருந்தால் 13 மி.மீ. என்ற எண்ணை ஒட்டும் முன்னாலேயே நிறுத்தியிருப்பேன்.

ஸ்டிக்கியைப் பொறுத்தவரை, படத்தில் தெரிவதைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இவருடைய இரண்டு கண்ணிலும் சேர்த்துப் படம் காட்டியது ஆறு, நேரில் கிடைத்தது பன்னிரண்டு. படத்தில் ஒன்று தெரிந்தாலே நேரில் வரச் சொல்கிறேன். படத்தில் ஒன்றும் தெரியாமல் தொட்டால் இழுக்கிறது என்று சொன்னாலும் வரச் சொல்கிறேன்.

எட்டாம் வாரத்துப் படத்தோடு அந்த அம்மா ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார், "இப்போ எல்லாம் சரியா இருக்கா?" என்று. அனுப்பியது நேர்ப் படம் ஒன்றும் குளோசப் ஒன்றும்தான், பார்க்க அழகாகவே இருந்தன. புது முடிகள் நன்றாக வருகின்றன என்று எழுதிவிட்டு, மற்றதைச் சொல்லக் கீழ்ப்பார்வைப் படம் ஒன்று வேண்டும், சீவாமல் எடுங்கள் என்று கேட்டேன்.